‘நான் ரோபோ அல்ல’: கேப்ட்சா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய படிவத்தை நிரப்புவதற்குக்கூட நான் மனிதன் என்று ஏன் நிரூபிக்க வேண்டும்?

படிவத்தை அனுப்பியவர் யார் என்பது இணையதளத்தின் சர்வருக்குத் தெரிவதில்லை. நீங்கள் பிரௌசரில் தட்டச்சு செய்து அனுப்பினாலும், எங்கோ ஓடும் ஒரு நிரல் அனுப்பினாலும், சர்வரை வந்தடைவது ஒரே வடிவிலான சில வரிகள்தான். வேறுபாடு எண்ணிக்கையில்தான் வெளிப்படுகிறது. ஒரு மனிதர் ஒரு படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் நிரல் ஒன்று ஆயிரம் படிவங்களை அனுப்பிவிடும். அதற்குச் சலிப்பும் இல்லை, செலவும் ஏறத்தாழ இல்லை. இதைத் தடுக்க, மனிதரையும் நிரலையும் பிரித்தறிய வைக்கும் சோதனைதான் கேப்ட்சா.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்களில் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியை நடத்தியவர்களும் அடங்குவர். யார் வேண்டுமானாலும் ஒரு முகவரியைக் கொடுத்துத் தம் தளத்தைத் தேடல் பட்டியலில் சேர்க்கலாம் என்ற வசதி அங்கே இருந்தது. அதைப் பயன்படுத்திச் சிலர் நிரல் எழுதி முகவரிகளை மூட்டை மூட்டையாகக் கொட்டி, தேடல் முடிவுகளின் வரிசையையே குலைத்தார்கள். 1997-இல் ஆண்ட்ரே புரோடரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எழுத்துகளைத் துல்லியமாகப் படிக்க வேண்டுமானால் என்னென்ன செய்யக்கூடாது என்று ஒரு ஸ்கேனரின் கையேட்டில் அறிவுரைகள் இருந்தன. அந்த அறிவுரைகளை அப்படியே தலைகீழாக்கி, எழுத்துருக்களைக் கலந்து, சாய்த்து, பின்னணியைக் கலைத்து ஒரு படத்தை உருவாக்கினார்கள். அதைப் படித்துத் தட்டச்சு செய்தவர்களால் மட்டுமே முகவரியைச் சேர்க்க முடிந்தது. நிரல்கள் வழியாக வந்த குப்பை முகவரிகள் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. இன்று நாம் காணும் கேப்ட்சாக்கள் யாவும் இந்த உத்தியின் வழிவந்தவையே.

எங்கள் தளம் ஒரு சிறு கடையின் தளம். இங்கே திருட எதுவும் இல்லை. ரோபோக்களுக்கு எங்களிடம் என்ன வேலை?

உங்கள் கடையை யாரும் தேர்ந்தெடுத்து வருவதில்லை. நிரல்கள் இணையம் முழுவதும் அலைந்து, திறந்திருக்கும் படிவங்களைத் தேடி, கிடைத்ததையெல்லாம் பயன்படுத்துகின்றன. தொடர்புப் படிவம் இருந்தால் அதில் விளம்பர இணைப்புகளைக் கொட்டும். பணம் செலுத்தும் பக்கம் இருந்தால், திருடப்பட்ட கார்டு எண்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று சிறு தொகைகளைச் செலுத்திப் பார்க்கும்.

உள்நுழைவுப் பக்கம்தான் மிகவும் ஆபத்தானது. எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதே இணைகளை மற்ற எல்லாத் தளங்களிலும் வரிசையாக முயன்று பார்ப்பது இன்று பரவலாக நடக்கிறது. பலர் ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பதால், பத்து லட்சம் இணைகளில் மிகச் சிறு பங்கு பலித்தாலும் திருடனுக்கு ஆயிரக்கணக்கான கணக்குகள் கிடைத்துவிடும். இந்த வகைத் தாக்குதலை சர்வர் பதிவேட்டில் எளிதாக அடையாளம் காணலாம். ஒரே கணக்குக்குப் பல கடவுச்சொற்கள் முயலப்படுவதற்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குத் தலா ஒன்றிரண்டு முயற்சிகள் மட்டும் நடந்திருக்கும்.

முன்பெல்லாம் நெளிந்த எழுத்துகள் வரும். அவை ஏன் மறைந்துவிட்டன?

நிரல்கள் அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டன. 2003-இலேயே, யாஹூ பயன்படுத்திவந்த ஒருவகை எழுத்துப் படத்தை 92 சதவீதம் சரியாகப் படிக்கும் நிரலை கிரெக் மோரியும் ஜிதேந்திர மாலிக்கும் உருவாக்கிக் காட்டினார்கள். அதன்பின் தளங்கள் எழுத்துகளை மேலும் நெளித்தன, கோடுகளால் அடித்தன, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றின. இந்தப் போட்டியில் தோற்றவர்கள் மனிதர்கள்தான். ‘இது ஓ-வா, பூஜ்யமா’ என்று நாம் திணறிக்கொண்டிருக்க, நிரல்கள் முன்னேறிக்கொண்டே இருந்தன. 2014-இல், மிகக் கடினமான நெளிவெழுத்துகளைக்கூடத் தன் நிரல் 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடுகிறது என்று கூகுள் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் ‘நான் ரோபோ அல்ல’ என்ற சிறு கட்டம் வந்தது.

நாம் தீர்த்த கேப்ட்சாக்களால் கூகுளுக்கு இலவசமாக வேலை நடந்தது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். ஆனால் அது தொடங்கியது கூகுளில் அல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆனும் அவருடைய குழுவினரும் 2007-இல் ரீகேப்ட்சாவைத் தொடங்கினார்கள். கேப்ட்சாவில் மக்கள் செலவிடும் நொடிகளைப் பழைய அச்சுப் பிரதிகளைப் படிக்கப் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் எண்ணம். அதன் அமைப்பு மிக அழகானது. திரையில் இரண்டு சொற்கள் தோன்றும். ஒன்றின் விடை கணினிக்கு ஏற்கெனவே தெரியும். மற்றது, பழைய செய்தித்தாளையோ புத்தகத்தையோ ஸ்கேன் செய்தபோது எழுத்துணரி நிரல்களால் உறுதியாகப் படிக்க முடியாமல் போன சொல். எது எந்தச் சொல் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த சொல்லைச் சரியாக எழுதினால் நீங்கள் மனிதர் என்று கொண்டு, தெரியாத சொல்லுக்கு நீங்கள் தந்த விடையையும் ஒரு வாக்காக ஏற்பார்கள். பலருடைய வாக்குகள் ஒத்துப்போனால் அந்தச் சொல் படிக்கப்பட்டதாகிவிடும்.

முதல் ஓராண்டில் இப்படி 44 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் படிக்கப்பட்டன. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய இதழ்களும் இவ்வழியில் கணினிக்கு ஏறின. 2009-இல் கூகுள் இதை வாங்கியது. 2012-இல் கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சிப் படங்களிலிருந்து வெட்டிய வீட்டு எண்களும் வரத் தொடங்கின. அச்சுப் பிரதிகளை மீட்பது பொதுநன்மை என்று மனமுவந்து ஏற்கலாம். ஒரு நிறுவனத்தின் வரைபடத்துக்காக மக்களிடம் சொல்லாமல் உழைப்பை வாங்கியதை அதே கணக்கில் சேர்க்க முடியாது என்பது என் கருத்து.

கட்டத்தை ஒருமுறை தட்டினால் போதும் என்கிறது. அந்த ஒரு தட்டலில் நான் மனிதன் என்று எப்படித் தெரிகிறது?

தட்டலைவிட அதற்கு முன் நடப்பதே முக்கியம். பக்கம் திறந்தவுடனேயே ரீகேப்ட்சாவின் நிரல் உங்கள் பிரௌசரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் இணைய இணைப்பின் ஐ.பி. முகவரி, பிரௌசரின் வகையும் அதன் நடத்தையும், அதில் சேர்ந்திருக்கும் கூகுள் குக்கிகள் போன்றவற்றைக் கொண்டு ஒரு கணிப்பு உருவாகிறது. முழு விவரத்தைக் கூகுள் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் நிரல் எழுதுவோருக்கு அதுவே கையேடாகிவிடும்.

‘சுட்டியின் அம்புக்குறி நடுங்கி நடுங்கி நகர்வதைப் பார்த்துத்தான் மனிதன் என்று கண்டுபிடிக்கிறார்கள்’ என்று பலர் எழுதுகிறார்கள். 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது வேறொன்று தெரிந்தது. சுட்டியை அசைக்காமலே, ஒரு நிரலைக் கொண்டு நேராகக் கட்டத்தைத் தட்டினாலும் ரீகேப்ட்சா ஏற்றுக்கொண்டது. பிரௌசரில் 9 நாள் வயதான ஒரு கூகுள் குக்கி இருந்தால் போதுமானதாக இருந்தது. அதன்பின் கணிப்பு முறை மாறியிருக்கிறது என்றாலும், அடிப்படை தெளிவாகிறது. நீங்கள் மனிதரா என்பதைவிட, உங்கள் பிரௌசர் ஏற்கெனவே அறிமுகமானதா என்பதையே அந்தக் கட்டம் பெரும்பாலும் கேட்கிறது.

2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கட்டமும் இல்லை. ஒவ்வொரு வருகைக்கும் 0.0 முதல் 1.0 வரை ஒரு மதிப்பெண் பின்னால் கணக்கிடப்பட்டுத் தளத்துக்குத் தரப்படுகிறது. 1.0-க்கு அருகில் இருந்தால் மனிதராக இருக்க வாய்ப்பு அதிகம். மதிப்பெண் குறைந்தவரை என்ன செய்வது என்பதைத் தளம்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மட்டும் படம் மேல் படமாக வந்துகொண்டே இருக்கிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் தவறு உங்கள் விடையில் இல்லை. கணிப்பு உங்களைச் சந்தேகிக்கும்போதுதான் போக்குவரத்து விளக்கு, பேருந்து, பாதசாரிக் கடவை என்று படங்கள் தொடர்கின்றன. விளக்குக் கம்பத்தின் ஓரம் அடுத்த கட்டத்தில் துளி தெரிகிறதே, அதையும் தட்ட வேண்டுமா என்று பலர் தவிக்கிறார்கள். தட்டினாலும் விட்டாலும் பொதுவாகக் குடி முழுகிவிடாது. சிறு பிழைகளைப் படக் கேள்வி பொறுத்துக்கொள்கிறது என்பதை மேலே சொன்ன கொலம்பியா ஆய்வே கண்டறிந்தது.

சந்தேகம் எழ முதற்காரணம் உங்கள் ஐ.பி. முகவரி. பலரையும் ஒரே முகவரியில் காட்டும் வி.பி.என். சேவை வழியாக வந்தால், அதே முகவரியிலிருந்து நிரல் ஓட்டியவர்களின் கெட்ட பெயர் உங்களையும் சேரும். மொபைல் இணையத்திலும் இது நடக்கும், ஏனெனில் அங்கே பலர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அடுத்தது, குக்கிகளே இல்லாத பிரௌசர். மறைநிலைச் சாளரத்தில் திறந்தாலோ, பின்தொடர்வதைத் தடுக்கும் நீட்சிகளை வைத்திருந்தாலோ உங்கள் பிரௌசர் இன்றுதான் பிறந்ததுபோல் தெரியும்.

காரணத்தைக் கண்டறிய ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் வி.பி.என்.-ஐ நிறுத்திவிட்டு அதே பக்கத்தைத் திறக்கலாம். மாற்றமில்லை என்றால் வைஃபையிலிருந்து மொபைல் இணையத்துக்கு மாறலாம். அதன்பிறகும் படங்கள் வந்தால் நீட்சிகள் இல்லாத சாதாரணச் சாளரத்தில் முயலலாம். தன் அந்தரங்கத்தைக் காப்பவருக்குத்தான் இந்த முறையில் தொல்லை அதிகம். இதை நான் ஒரு சிறு குறையாகக் கருதவில்லை. தடம் விட்டுச் செல்பவரை நம்பி, விடாதவரை ஐயுறும் அமைப்பு நியாயமானதல்ல.

இன்றைய நிரல்கள் இந்தப் படங்களையெல்லாம் தீர்த்துவிடுகின்றனவே. பிறகு எதற்காக இன்னும் கேட்கிறார்கள்?

தீர்த்துவிடுகின்றன என்பது சரியே. சூரிக்கில் உள்ள ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் ரீகேப்ட்சா இரண்டாம் பதிப்பின் படக் கேள்விகளை 100 சதவீதம் தங்கள் நிரலால் தீர்க்க முடிந்ததாக அறிவித்தார்கள். நிரலே தேவையில்லை என்பது அதைவிடப் பழைய உண்மை. கேப்ட்சாக்களைக் கூலிக்குத் தீர்க்கும் சேவைகள் பல ஆண்டுகளாகவே இயங்கிவருகின்றன. தாக்குபவரின் நிரல் ஒரு படத்தை அங்கே அனுப்பும். குறைந்த கூலி வாங்கும் ஒரு மனிதர் அதைத் தீர்ப்பார். விடை சில நொடிகளில் திரும்பிவரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2010-இல் இச்சந்தையை ஆராய்ந்தபோது, ஆயிரம் கேப்ட்சாக்களுக்கு ஒரு டாலர் என்ற அளவில் விலை இருந்தது. அன்றைய மதிப்பில் ஒன்றுக்குச் சுமார் 5 பைசா.

அந்த 5 பைசா செலவைத்தான் கேப்ட்சா தாக்குபவர்மீது சுமத்துகிறது. யாரும் நுழையாமல் தடுப்பதல்ல, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு விலை வைப்பதே அதன் வேலை என்று புரிந்துகொண்டால் மற்றவை விளங்கிவிடும். ஒருவர் பத்து லட்சம் விளம்பரக் கருத்துகளைத் தளங்களில் கொட்ட நினைக்கிறார் என்று கொள்வோம். கேப்ட்சா இல்லையென்றால் அவருக்குச் செலவு ஏறத்தாழ இல்லை. இருந்தால் ஆயிரம் டாலர் ஆகும். ஒரு கருத்தால் அவருக்குக் கிடைக்கும் வருமானம் 5 பைசாவை எட்டாது என்பதால் அவர் விலகிவிடுவார். கடவுச்சொற்களை முயல்பவருக்கும் இதே கணக்குதான். ஆனால் அவர் குறிவைப்பது பணம் இருக்கும் கணக்குகளை என்றால் ஆயிரம் டாலரைத் தயங்காமல் செலவிடுவார்.

ஒவ்வொரு முயற்சியின் மதிப்பும் உயர்ந்த இடத்தில் கேப்ட்சா தோற்றே தீரும். அமெரிக்காவில் வைஸ்கை டிக்கெட்ஸ் என்ற நிறுவனம், இசை நிகழ்ச்சிகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்குமான 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகளை நிரல்களைக் கொண்டு கேப்ட்சாவைத் தாண்டி வாங்கி மறுவிற்பனை செய்ததாக 2010-இல் வழக்கு வந்தது. அதை நடத்தியவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒரு சீட்டில் பல டாலர் லாபம் இருக்கும்போது கேப்ட்சாவின் விலை ஒரு பொருட்டே அல்ல.

நம் ரயில் தட்கல் முன்பதிவும் இதே நிலைதான். குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் கதவு திறக்கிறது. சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. அங்கே ஓர் இருக்கைக்குக் கள்ளச்சந்தையில் நூற்றுக்கணக்கான ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்போது, ஐ.ஆர்.சி.டி.சி. தளம் கேட்கும் எழுத்துப் படம் தரகரின் நிரலை நிறுத்துவதைவிட, அவசரத்தில் தட்டச்சு செய்யும் பயணியைத்தான் அதிகம் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் 2025 ஜூலை முதல், ஆதாரால் சரிபார்க்கப்பட்ட கணக்குகள் மட்டுமே இணையத்தில் தட்கல் பெறலாம் என்றும், முதல் அரைமணி நேரத்தில் அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் பதியக்கூடாது என்றும் விதி மாற்றப்பட்டது. முயற்சிக்கு விலை வைப்பது பலிக்காத இடத்தில், ஆளை அடையாளம் காண்பதற்குத் தாவியிருக்கிறார்கள். அதற்குரிய அந்தரங்க விலையைப் பயணி செலுத்துகிறார்.

பார்வையற்றவர்கள் இதை எப்படிக் கடக்கிறார்கள்?

மிகுந்த சிரமத்துடன். படத்துக்கு மாற்றாக ஒலிக் கேள்வி இருக்கிறது. ஹெட்ஃபோன் குறியைத் தட்டினால் இரைச்சலுக்கிடையே சில சொற்களோ எண்களோ ஒலிக்கும். கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு, கேள்வி ஒலிக்கும்போதே வாசிப்பானும் பேசத் தொடங்கிவிடும் என்பது கூடுதல் தொல்லை. ஒலி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பார்வையும் செவிப்புலனும் இல்லாதவருக்கு இரண்டு வழிகளும் அடைபட்டவை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2005-இலிருந்தே இதைப் பற்றி எச்சரித்துவருகிறது.

ஒலியைக் கடினமாக்கியதால் பாதுகாப்பும் கூடவில்லை. 2017-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலிக் கேள்வியை இணையத்தில் கிடைக்கும் பேச்சுணரிச் சேவைகளிடம் கொடுத்தே 85 சதவீதம் தீர்த்துக் காட்டினார்கள். நிரல் கடந்துவிடுகிற, மனிதர் மாட்டிக்கொள்கிற கேள்வியைத் தொடர்ந்து கேட்பதற்கு எந்தத் தளத்துக்கும் நியாயம் இல்லை. மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ ஒருமுறைக் குறியீட்டை அனுப்பும் மாற்று வழியையாவது அருகிலேயே வைக்க வேண்டும்.

நான் ஒரு சிறு தளம் நடத்துகிறேன். கேப்ட்சா போட்டும் ஸ்பேம் வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

பக்கத்தில் கட்டம் தெரிவதால் சரிபார்ப்பு நடக்கிறது என்று ஆகாது. பார்வையாளர் கட்டத்தைத் தட்டியதும், தேறியதற்குச் சான்றாக டோக்கன் என்ற ஒரு குறியீடு உருவாகி, `g-recaptcha-response` என்ற மறைபுலத்தில் படிவத்தோடு உங்கள் சர்வருக்கு வரும். அந்த டோக்கன் உண்மையானதா என்று உங்கள் சர்வர் கூகுளிடம் கேட்க வேண்டும். பலர் இந்த இரண்டாம் படியைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது, பக்கத்தைத் திறக்காமலே நேராகப் படிவத்தை அனுப்பும் நிரலுக்குத் தடையே இல்லை. உங்கள் தளத்திலேயே இதைச் சோதிக்கலாம். முகவரியையும் புலப் பெயர்களையும் உங்கள் படிவத்துக்கேற்ப மாற்றி, முனையத்தில் இதை இயக்குங்கள்:

```
curl -d "name=test" -d "message=test" https://example.com/contact
```

டோக்கன் இல்லாத இச்செய்தி உங்கள் அஞ்சல்பெட்டிக்கு வந்து சேர்ந்தால், சர்வரில் சரிபார்ப்பு இல்லை என்று பொருள். சேர்க்க வேண்டிய படி இதுதான்:

```
curl https://www.google.com/recaptcha/api/siteverify \
  -d "secret=SECRET_KEY" -d "response=TOKEN"
```

திரும்பி வரும் விடையில் `"success": true` இருந்தால் மட்டும் படிவத்தை ஏற்க வேண்டும். டோக்கன் இரண்டு நிமிடங்கள்தான் செல்லும். ஒருமுறைதான் சரிபார்க்க முடியும். ஆகவே, நீண்ட படிவத்தின் தொடக்கத்திலேயே கட்டத்தை வைத்தால், நிதானமாக நிரப்பும் நல்ல மனிதர்களின் டோக்கன் காலாவதியாகி, `timeout-or-duplicate` என்ற பிழை வரும். கட்டத்தை அனுப்பும் பொத்தானுக்கு அருகில் வையுங்கள்.

தொடர்புப் படிவம் மட்டும்தான் என்றால் முதலில் எளியதைச் செய்து பார்க்கலாம். கண்ணுக்கும் திரைவாசிப்பானுக்கும் தெரியாதபடி ஒரு வெற்றுப் புலத்தை மறைத்து வைத்து, அது நிரப்பப்பட்டு வரும் படிவங்களைத் தள்ளிவிடுங்கள். எந்தத் தளம் என்று பாராமல் அலையும் நிரல்கள் கண்ட புலத்தையெல்லாம் நிரப்புவதால், அவற்றில் பெரும்பகுதி இதிலேயே சிக்கிக்கொள்ளும். பார்வையாளரை எதுவும் கேட்காமலே இது முடிந்துவிடும்.

ஒரு கேப்ட்சா என்னை விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தச் சொன்னது. செய்யலாமா?

கூடாது. அது கேப்ட்சாவே அல்ல. அந்தப் பக்கத்தில் நீங்கள் கட்டத்தைத் தட்டியபோதே தீய கட்டளை ஒன்று உங்கள் கிளிப்போர்டுக்கு நகலெடுக்கப்பட்டிருக்கும். `Win + R` அழுத்தினால் கட்டளைப் பெட்டி திறக்கும். அடுத்து `Ctrl + V`, பிறகு `Enter` என்று சொல்வார்கள். மூன்றையும் செய்தால், கடவுச்சொற்களைத் திருடும் நிரலை உங்கள் கையாலேயே இறக்கி இயக்கியவராவீர்கள். உண்மையான கேப்ட்சா பிரௌசர் பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அது வேறு சாளரத்தைத் திறக்கச் சொல்லாது, எதையும் ஒட்டச் சொல்லாது, அறிவிப்புகளுக்கு `Allow` கொடுக்கவும் கேட்காது.

ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் உடனே அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தேர்வையும் பயன்படுத்துங்கள். பிரௌசரில் உள்நுழைந்திருக்கும் நிலையைக் காட்டும் குக்கிகளையும் இந்த நிரல்கள் எடுத்துச் சென்றுவிடுவதால், கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவது போதாது. கணினியை முழுமையாக ஸ்கேன் செய்யும் வரை, முடிந்தால் விண்டோஸைப் புதிதாக நிறுவும் வரை, அதில் எந்தக் கணக்கிலும் மீண்டும் உள்நுழையாதீர்கள்.